வேலையை விட்டவரின் லாகின்

கோவையில் 14 பேர் வேலை பார்க்கும் ஒரு விளம்பர வடிவமைப்பு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனை அலுவலகம்தான். ஆனால் காந்திபுரத்திலோ ஆர்.எஸ்.புரத்திலோ இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருக்கிறது. ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது ஸ்லாக்கில், வரைவது ஃபிக்மாவில், பில் போடுவது ஜோஹோ புக்ஸில். ஆளுக்கு நாலு லாகின் என்று வைத்தாலே 56 ஆகிவிடுகிறது. வாடிக்கையாளர்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்கள், ஜிஎஸ்டி தளம், டொமைன் வாங்கிய தளம் எல்லாம் இந்தக் கணக்கில் வராதவை. அவற்றின் பாஸ்வேர்டுகள் ஓர் எக்செல் ஷீட்டில் இருக்கின்றன. அந்த ஷீட் எப்போதோ வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டு, எல்லோர் போனிலும் குடியிருக்கிறது.

இந்த அலுவலகத்தில் ஒரு டிசைனர் வேலையை விடுகிறார். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. கேக் வெட்டித்தான் அனுப்பி வைக்கிறார்கள். மறுநாள் மேலாளர் அவருடைய மெயிலை நிறுத்துகிறார், வேலை முடிந்ததாக நினைக்கிறார். ஃபிக்மா கணக்கை அந்தப் பெண் மூன்று வருடம் முன்பு தன் சொந்த ஜிமெயிலில் தொடங்கியிருந்தார் என்பது யாருக்கும் நினைவில்லை. அவர் போனில் ஸ்லாக் திறந்தபடியே இருக்கிறது. புதிய வாடிக்கையாளரிடம் என்ன விலை பேசினார்கள் என்ற விவரம் அவர் கேட்காமலேயே அவருக்கு வந்துகொண்டிருக்கிறது.

இது பெரிய நிறுவனங்களுக்கும் நடக்கிறது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம், டெக்சாஸிலிருந்து கிழக்குக் கடற்கரைக்குப் பெட்ரோல், டீசல் கொண்டுபோகும் குழாய்ப் பாதையைச் சில நாட்கள் மூடி வைத்தது. பணம் பறிக்கும் கும்பல் ஒன்று அதன் கணினிகளைப் பூட்டிவிட்டதே காரணம். கும்பல் நுழைந்த வழி, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு விபிஎன் கணக்கு. அந்தக் கணக்கை யாரும் மூடவில்லை. அதன் பாஸ்வேர்ட் மட்டும் போதுமானதாக இருந்தது. ஓடிபி போன்ற இரண்டாம் சோதனை அதற்கு இல்லை. நிறுவனம் 75 பிட்காயின் கொடுத்தது. அன்றைய மதிப்பில் 44 லட்சம் டாலர்.

சிங்கிள் சைன்-ஆன், சுருக்கமாக எஸ்எஸ்ஓ, பெரும்பாலும் வசதியாகவே விற்கப்படுகிறது: ஒரே பாஸ்வேர்ட், எல்லா ஆப்பும் திறக்கும். வசதி உண்மைதான். ஆனால் சிறிய அலுவலகம் நடத்துகிறவருக்கு அதன் பெரிய பயன், ஒருவர் வேலையை விடும் நாளில் தெரிகிறது. ஓரிடத்தில் நிறுத்தினால் எல்லா இடத்திலும் நிற்க வேண்டும் என்பதே நோக்கம். நிற்கிறதா என்பது அமைக்கும் விதத்தைப் பொறுத்தது. பல அலுவலகங்களில் பாதிதான் நிற்கிறது.

எஸ்எஸ்ஓ உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டால், எங்கே ஓட்டை விழும் என்பதும் புரிந்துவிடும். எஸ்எஸ்ஓ இருக்கும் அலுவலகத்தில் ஊழியர் ஸ்லாக்கைத் திறக்கும்போது ஸ்லாக் பாஸ்வேர்ட் கேட்பதில்லை. பிரவுசரைக் கூகுளிடம் அனுப்பிவிடுகிறது. அவர் யார் என்பதைக் கூகுள் சோதிக்கிறது. காலையிலேயே மெயில் திறந்திருந்தால் மறுபடி எதுவும் கேட்காது. பிறகு ஒரு சிறு ஆவணத்தை எழுதி, டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு, அதே பிரவுசர் வழியாக ஸ்லாக்குக்கு அனுப்புகிறது. கூகுளின் சான்றிதழ் ஸ்லாக்கிடம் முன்பே கொடுத்து வைக்கப்பட்டிருக்கும். அதை வைத்துக் கையெழுத்து சரியா என்று பார்த்து உள்ளே விடுகிறது. கெஸட்டட் அதிகாரி அட்டெஸ்ட் செய்த நகலை ஒரு கல்லூரி அலுவலகம் ஏற்றுக்கொள்வதுபோலத்தான்: மாணவரை அவர்களுக்குத் தெரியாது, அந்தக் கையெழுத்தைத் தெரியும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சாமல். இன்று புழங்கும் 2.0 பதிப்பு 2005-இல் தரமாக அறிவிக்கப்பட்டது. ஆவணத்தின் முக்கியமான பகுதி, தேவையில்லாததை நீக்கிவிட்டுப் பார்த்தால், இப்படி இருக்கும்:

```xml
<NameID>priya@example.com</NameID>
<Conditions NotBefore="2025-06-02T04:25:00Z"
            NotOnOrAfter="2025-06-02T04:35:00Z">
  <AudienceRestriction>
    <Audience>https://slack.com</Audience>
  </AudienceRestriction>
</Conditions>
```

முதல் வரி ஆள் யார் என்கிறது. அடுத்தது இந்தச் சீட்டு எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை செல்லும் என்கிறது. நேரம் உலகப் பொது நேரத்தில் இருப்பதால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்: திங்கட்கிழமை காலை 9:55 முதல் 10:05 வரை. பத்தே நிமிடம். கடைசியில் இருப்பது சீட்டு யாருக்காக எழுதப்பட்டது என்பது. ஸ்லாக்குக்கு எழுதியதை வேறோர் ஆப்பிடம் நீட்டினால் அது வாங்காது. பாஸ்வேர்ட் இதில் எங்குமே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஸ்லாக்கிடம் இல்லாத பாஸ்வேர்டை ஸ்லாக்கிலிருந்து யாரும் திருட முடியாது.

இன்னொன்றும் இதிலேயே தெரிகிறது. சீட்டு, நுழையும் நொடிக்கு மட்டும்தான். உள்ளே போன பிறகு அவரை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பது ஸ்லாக்கின் முடிவு. கூகுளிடம் அது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. வேலையை விட்ட டிசைனரின் போன் விஷயத்துக்கு வரும்போது இது மறுபடி தேவைப்படும்.

எந்தப் பட்டனையும் அழுத்துவதற்கு முன் ஒரு பட்டியல் போட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போனவர்கள்தான் பின்னால் திண்டாடுகிறார்கள். எந்த ஆப், யார் யார் பயன்படுத்துகிறார்கள், எந்த மெயில் முகவரியில் கணக்கு இருக்கிறது, எந்தக் கட்டணத் திட்டம், கணக்கின் உரிமையாளர் யார் என்று ஐந்து பத்திகள் போதும். ஊழியர்களைக் கேட்டால் பாதிதான் வரும். கம்பெனி கிரெடிட் கார்டின் ஓராண்டு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் மறந்துபோன சந்தாக்கள் வெளியே வரும். வொர்க்ஸ்பேஸ் நிர்வாகப் பக்கத்தில், ஊழியர்கள் தங்கள் கூகுள் கணக்கை எந்தெந்த வெளி ஆப்களோடு இணைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம். சொந்த ஜிமெயிலில் தொடங்கியவை எல்லாம் அலுவலக முகவரிக்கு மாற வேண்டும். ஆளை வேலையில் வைத்திருக்கும்போது இது ஐந்து நிமிட வேலை. அவர் போன பிறகென்றால் கெஞ்ச வேண்டியிருக்கும்.

அடையாளத்தைச் சரிபார்க்கும் இடமாக எதை வைத்துக்கொள்வது? சிறிய அலுவலகத்துக்கு இதில் பெரிய யோசனை தேவையில்லை. மெயில் எங்கே இருக்கிறதோ அதுவே போதும். கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்றால் கூகுள், மைக்ரோசாஃப்ட் 365 என்றால் அதோடு வரும் என்ட்ரா ஐடி. முன்பு அஷூர் ஆக்டிவ் டைரக்டரி என்று இருந்ததற்குத்தான் 2023-இல் அந்தப் பெயர் வைத்தார்கள். ஜோஹோவின் ஆப்களையே முழுக்கப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஜோஹோ டைரக்டரி இருக்கிறது. மெயில் வேறெங்கோ இருந்தாலும் கூகுளை வாயிலாக்க விரும்பினால், கிளவுட் ஐடென்டிட்டி என்ற சேவையின் இலவச வடிவம் 50 பேர் வரை இடம் கொடுக்கிறது. 14 பேருக்காகத் தனியே ஒரு சர்வர் ஏற்றி, கீக்ளோக் போன்ற மென்பொருளை நிறுவிப் பராமரிப்பது வீண் வேலை. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அவர் லீவில் போகும் நாளில்தான் அது படுக்கும்.

வாயில் ஒன்றாகிவிட்டால் அந்த ஒன்று உடைந்தால் எல்லாம் போயிற்று என்ற பயம் நியாயமானது. அதனால்தான் ஆப்களை இணைப்பதற்கு முன்பே கூகுள் கணக்குகளில் இரண்டாம் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். நிர்வாகப் பக்கத்தில் `Security > Authentication > 2-Step Verification` என்ற இடத்தில் அது இருக்கிறது. இன்றே கட்டாயம் என்று போட்டுவிட்டால், இன்னும் பதிவு செய்யாத ஊழியர்கள் நாளைக் காலை மெயில் திறக்க முடியாமல் நிற்பார்கள். முதலில் அனுமதித்து, எல்லோரும் பதிவு செய்த பிறகு, ஒரு தேதி குறித்துக் கட்டாயமாக்குவதே முறை. எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டை நீக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் ஏற்கும் தேர்வும் அங்கேயே உண்டு. சிம் கார்டை ஏமாற்றி மாற்றும் மோசடி நடக்கும் ஊரில் அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தலைமை நிர்வாகிக் கணக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாளியின் அன்றாட மெயிலே தலைமை நிர்வாகியாகவும் இருப்பதுதான் சிறிய அலுவலகங்களின் வழக்கம். அதைப் பிரித்து, அன்றாடம் தொடாத இரண்டு நிர்வாகிக் கணக்குகள் வைப்பது பாதுகாப்பு. ஒன்று முதலாளியிடம், இன்னொன்று நம்பகமான மற்றொருவரிடம். ஒவ்வொன்றுக்கும் கூகுள் தரும் பத்து பேக்-அப் குறியீடுகளைக் காகிதத்தில் அச்சிட்டு, செக் புத்தகம் வைக்கும் அலமாரியில் வைக்கலாம். போன் தொலைந்த நாளில் அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும். அதுவும் இல்லாமல் வெளியே மாட்டிக்கொண்டால், டொமைன் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க அதன் டிஎன்எஸ் பதிவில் ஒரு வரி சேர்க்கச் சொல்லும் கூகுள். அதைச் சேர்க்க டொமைன் வாங்கிய தளத்துக்குள் போக வேண்டும். அந்தத் தளத்துக்கும் 'கூகுள் வழியாக நுழைக' என்றுதான் கணக்கு வைத்திருந்தால்? சாவி உள்ளே, ஆள் வெளியே. எல்லாவற்றையும் எஸ்எஸ்ஓவில் இணைக்கும் உற்சாகத்தில் டொமைன் கணக்கை மட்டும் இணைக்கக் கூடாது. அதற்குத் தனி பாஸ்வேர்ட், தனி இரண்டாம் சோதனை, அலுவலகத்தின் டொமைனைச் சாராத ஒரு மெயில் முகவரி.

இனி ஆப்களை இணைக்கும் வேலை. இதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேலையை விடும் நாளில் இரண்டும் ஒன்றல்ல.

முதல் வழி, எல்லோரும் பார்த்திருக்கும் 'கூகுள் வழியாக நுழைக' பட்டன். 2014-இல் வந்த ஓப்பன் ஐடி கனெக்ட் என்ற முறையில் அது ஓடுகிறது. பெரும்பாலான ஆப்களில் கூடுதல் காசு கிடையாது, நிர்வாகி எதையும் அமைக்கவும் வேண்டாம். ஃபிக்மாவிலும் ஜோஹோ புக்ஸிலும் இந்தப் பட்டன் இருக்கிறது. குறை என்னவென்றால், இது இன்னொரு கதவு மட்டுமே. அந்த ஊழியர் முன்பே அந்த ஆப்பில் ஒரு பாஸ்வேர்ட் வைத்திருந்தால், அந்தப் பழைய கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும். கூகுள் கணக்கை நிறுத்தினாலும் பழைய பாஸ்வேர்டில் உள்ளே போகலாம்.

இரண்டாம் வழி, மேலே பார்த்த சாமல். இதில் நிர்வாகி, 'எங்கள் ஆட்கள் இந்த வழியாக மட்டுமே வர வேண்டும்' என்று கட்டாயப்படுத்தலாம். பழைய கதவுகளை ஆப்பே பூட்டிவிடும். அதற்கு விலை இருக்கிறது. ஸ்லாக்கில் சாமல், பிசினஸ் பிளஸ் என்ற உயர்ந்த திட்டத்தில்தான் வருகிறது. ஃபிக்மாவில் ஆர்கனைசேஷன் திட்டத்துக்குப் போனால்தான் கிடைக்கும். பூட்டு வேண்டுமானால் வீட்டையே பெரிதாக வாங்கு என்கிற இந்தப் பழக்கத்துக்கு 'எஸ்எஸ்ஓ வரி' என்று கேலிப்பெயரே வந்துவிட்டது. எந்தெந்த நிறுவனம் எவ்வளவு கூட்டுகிறது என்று பட்டியல் போட்டு மானத்தை வாங்குவதற்கென்றே `sso.tax` என்ற தளத்தை ஒருவர் நடத்தினார். அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமையான சீசா, சிறிய நிறுவனங்கள் ஏன் எஸ்எஸ்ஓ பக்கம் வருவதில்லை என்று 2024-இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. விலை அதில் ஒரு முக்கியமான காரணம்.

ஆகவே நம் கோவை அலுவலகம் எல்லாவற்றையும் சாமலில் இணைக்கப் போவதில்லை; இணைக்கவும் தேவையில்லை. எங்கே கசிந்தால் வலிக்குமோ அங்கே மட்டும் காசு போடலாம். வாடிக்கையாளர் விவரமும் விலையும் பேசப்படுவது ஸ்லாக்கில் என்பதால் ஸ்லாக்குக்கு சாமல், மற்ற இரண்டுக்கும் பட்டன் என்று முடிவு செய்ததாக வைத்துக்கொள்வோம்.

அமைப்பது அரை மணி நேர வேலைதான். `admin.google.com` பக்கத்தில் `Apps > Web and mobile apps` போய், `Add app` அழுத்தி, ஸ்லாக்கைத் தேடினால் முன்பே தயாரித்து வைத்த ஒரு வடிவம் கிடைக்கும். கூகுள் அங்கே மூன்று விஷயங்களைக் கொடுக்கும்: ஒரு முகவரி, கூகுளின் அடையாளப் பெயர், ஒரு சான்றிதழ். ஸ்லாக்கின் அமைப்புப் பக்கத்தில் அதே மூன்றையும் கேட்கும் கட்டங்கள் இருக்கும். பெயர்தான் வேறு: `SAML 2.0 Endpoint`, `Identity Provider Issuer`, `Public Certificate`. அங்கிருந்து எடுத்து இங்கே ஒட்ட வேண்டியது. பதிலுக்குக் கூகுள் பக்கத்தில் ஸ்லாக்கின் விவரம் இரண்டு போகும்: சீட்டை அனுப்ப வேண்டிய முகவரி, `https://உங்கள்-பெயர்.slack.com/sso/saml`, ஸ்லாக்கின் அடையாளப் பெயர், `https://slack.com`. முதலாவதில் அலுவலகத்தின் ஸ்லாக் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் சீட்டு போய்ச் சேராது.

எல்லாம் சரியாக ஒட்டியிருந்தும் முதல் காலையில் இப்படி ஒரு குரல் கேட்கும்.

"அண்ணா, ஸ்லாக் உள்ள விட மாட்டேங்குதுங்க. 403-னு என்னமோ வருது."

"கீழ `app_not_enabled_for_user`-னு இருக்குதா பாரும்மா?"

"ஆமாங்கண்ணா."

இருந்தால் பதற வேண்டாம். கூகுளில் புதிதாகச் சேர்க்கும் சாமல் ஆப், எல்லோருக்கும் அணைக்கப்பட்ட நிலையில்தான் பிறக்கிறது. அதே பக்கத்தில் `User access` என்பதைத் திறந்து, யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு `ON` செய்ய வேண்டும். மாற்றம் எல்லோரையும் சேர 24 மணி நேரம் வரை ஆகலாம் என்கிறது கூகுள். பெரும்பாலும் அவ்வளவு ஆகாது. 403 வருவதற்கு இன்னொரு வழக்கமான காரணம், ஊழியர் பிரவுசரில் தன் சொந்த ஜிமெயிலில் நுழைந்திருப்பது. அந்தக் கணக்குக்குக் கூகுள் சீட்டு எழுதித் தராது. அலுவலக வேலைக்குத் தனி குரோம் புரொஃபைல் வைத்துக்கொள்ளச் சொன்னால் இந்தத் தொல்லை அத்தோடு ஒழியும்.

இதைவிட நுணுக்கமான கோளாறு ஒன்று உண்டு. அதில் பிழைச் செய்தியே வராது. ஊழியர் உள்ளே போய்விடுவார், ஆனால் அவருடைய பழைய உரையாடல்கள் எதுவும் இருக்காது. புதிதாகச் சேர்ந்தவர்போல வெறும் பக்கம் வரவேற்கும். ஸ்லாக்கில் அவர் `s.priya@` என்று தொடங்கும் முகவரியில் இருந்திருப்பார். கூகுளின் சீட்டில் `priya@` என்று இருக்கும். ஸ்லாக்குக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள், ஆகவே இரண்டாவது கணக்கைத் திறந்துவிட்டது. ஒரே மனிதர் என்று நமக்குத்தான் தெரியும். திருத்துவதற்கு நல்ல நேரம் இணைப்பதற்கு முன்புதான்: பட்டியலில் உள்ள முகவரிகளையும் கூகுளில் உள்ள முதன்மை முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். 14 பேருக்கு அது ஒரு டீ குடிக்கும் நேரம்.

முதல் வாரம் ஸ்லாக்கில் எஸ்எஸ்ஓவை விருப்பம் என்று வைத்து, இரண்டு மூன்று பேரைக் கொண்டு சோதித்துவிட்டு, பிறகு கட்டாயம் என்று மாற்றுவதே நிதானமான வழி. அந்தக் கடைசி மாற்றத்தை மறந்துவிடுகிற அலுவலகங்கள் நிறைய. விருப்பம் என்றே விட்டுவிட்டால் உயர்ந்த திட்டத்துக்குக் கொடுத்த காசுக்கு ஒரு புதிய பட்டன் மட்டுமே கிடைத்திருக்கும். அமைத்த அன்றே நாட்காட்டியில் இன்னொரு தேதியையும் குறிக்க வேண்டும். கூகுள் கொடுக்கும் அந்தச் சான்றிதழுக்கு ஐந்தாண்டு ஆயுள். அது முடியும் காலையில் யார் சீட்டு நீட்டினாலும் ஸ்லாக் வாங்காது. ஐந்து வருடம் கழித்து, இதை அமைத்தவரே அலுவலகத்தில் இருக்கிறாரோ இல்லையோ.

எஸ்எஸ்ஓவுக்குள் வராதவை என்ன ஆகும்? ஜிஎஸ்டி தளமும் வருமான வரித் தளமும் உங்கள் கூகுள் சீட்டைக் கேட்கப் போவதில்லை. அவற்றுக்குத் தனி பாஸ்வேர்டும் ஓடிபியும்தான். இவற்றை எக்செல் ஷீட்டிலிருந்து எடுத்து, பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்றில், யாருக்கு எது தேவையோ அது மட்டும் தெரியும்படி வைக்கலாம். ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வேலையை விட்டுப்போன கணக்காளரின் எண்ணுக்கு வந்துகொண்டிருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளில்தான் அது தெரியவரும். வாடிக்கையாளர்களின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களுக்குப் பாஸ்வேர்டைப் பகிரவே வேண்டாம். மெட்டாவின் வணிகக் கணக்கில் ஒவ்வொருவரையும் அவரவர் பெயரில் சேர்த்து, போகும்போது பெயரை நீக்கிவிடலாம். வாட்ஸ்அப் குழு இந்த ஏற்பாடுகள் எதற்கும் கட்டுப்படாது. குழுவிலிருந்து கையால்தான் நீக்க வேண்டும். அதுவரை வந்தவை அவர் போனில் இருக்கத்தான் செய்யும்.

இப்போது அந்த டிசைனரிடம் திரும்பலாம். இம்முறை எல்லாம் அமைத்தாயிற்று. கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு நிர்வாகி அவருடைய கூகுள் கணக்கை `Suspend` செய்கிறார். மெயிலும் டிரைவும் அப்போதே மூடிக்கொள்கின்றன. புதிதாக எந்தக் கணினியிலிருந்து ஸ்லாக்குக்குப் போனாலும் கூகுள் சீட்டு தராது. ஆனால் அவர் போனில் ஸ்லாக்? அது போன வாரமே சீட்டைக் காட்டி உள்ளே வந்தது. அமர்வு முடியும் வரை உட்கார்ந்திருக்கும். கூகுளில் நிறுத்தியது ஸ்லாக்குக்குத் தெரியாது.

இதை அடைக்க இரண்டு வழிகள். ஒருவரை நிறுத்தினால் அந்தச் செய்தியை ஆப்புக்கும் தானாகச் சொல்லும் ஸ்கிம் என்ற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஸ்லாக்கில் சாமல் கிடைக்கும் திட்டத்திலேயே அதுவும் கிடைக்கிறது. கூகுள் பக்கத்தில் `Auto-provisioning` என்ற பெயரில் இருக்கும். அமைத்தால் ஸ்லாக் கணக்கும் தானே முடங்கும், உடனே இல்லாவிட்டாலும் சற்று நேரத்தில். 14 பேர் அலுவலகத்தில் ஆண்டுக்கு இரண்டு பேர் விலகினால் அதிகம் என்பதால், நிர்வாகியே ஸ்லாக்கில் போய்க் கணக்கை முடக்குவதும் போதும். முடக்கியதும் போனில் திறந்திருப்பதும் மூடிவிடும்.

பட்டன் வழியில் இணைத்த ஃபிக்மாவிலும் ஜோஹோ புக்ஸிலும் இந்தக் கைவேலைக்கு மாற்று இல்லை. உள்ளே போய் உறுப்பினரை நீக்க வேண்டும். நீக்கும் முன் அவர் வரைந்த கோப்புகளின் உரிமையை வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும். எஸ்எஸ்ஓ அமைத்த பின்னும் ஒரு காகிதப் பட்டியல் தேவைப்படுகிறது என்பது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். முன்பு பட்டியலே இல்லை என்பதுதான் வித்தியாசம். அது சரியாக இருக்கிறதா என்று அறிய யாரும் விலகும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கி, எல்லா ஆப்பிலும் சேர்த்து, ஒரு போனில் திறந்து வைத்துவிட்டு, பட்டியல்படி அதை நிறுத்திப் பார்க்கலாம். மறுநாள் அந்தப் போனில் எது திறக்கிறதோ அதுதான் விட்டுப்போன இடம்.

கடைசியாக, டொமைன். 2025 ஜனவரியில் டிரஃபிள் செக்யூரிட்டி நிறுவனத்தின் டிலன் அய்ரி ஒரு விஷயத்தை வெளியிட்டார். மூடப்பட்ட ஸ்டார்ட்அப் நிறுவனம் ஒன்றின் டொமைன் புதுப்பிக்கப்படாமல் விற்பனைக்கு வந்திருந்தது. அவர் அதை வாங்கினார். அந்தப் பெயரில் புதிதாக ஒரு கூகுள் வொர்க்ஸ்பேஸ் தொடங்கினார். பழைய ஊழியர்களின் மெயில் முகவரிகளை அப்படியே மறுபடி உருவாக்கி, ஆப்களில் 'கூகுள் வழியாக நுழைக' பட்டனை அழுத்தினார். பழைய மெயில்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஸ்லாக், ஜூம், நோஷன் போன்றவை அவரைப் பழைய ஊழியராகவே நினைத்து உள்ளே விட்டன. ஊழியர் விவரங்களை வைத்திருக்கும் மனிதவள ஆப்பும் அதில் ஒன்று. கூகுள் ஒவ்வொரு பயனருக்கும் மாறாத ஓர் எண்ணையும் அனுப்புகிறது. அதைப் பார்க்காமல், மெயில் முகவரியை மட்டும் பார்த்து ஆப்கள் ஆளை அடையாளம் கண்டதால் வந்த வினை.

ஆப்களை நாம் திருத்த முடியாது. டொமைன் கணக்கில் தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதியைப் போட்டு, அதில் உள்ள கார்டு எப்போது காலாவதியாகிறது என்று பார்த்துக்கொள்ள முடியும். அலுவலகத்தையே மூடுவதாக இருந்தால் வரிசை முக்கியம்: முதலில் ஒவ்வோர் ஆப்பிலும் உள்ள கணக்கை அழிக்க வேண்டும், பிறகு வொர்க்ஸ்பேஸை. டொமைனுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். கடையை மூடிய பிறகும் சில வருடம் அதைக் கட்டிக்கொண்டே இருக்கலாம்.